பகுப்பாய்வா, விவரமா, தகுதிக் குறிப்பா? நாலே கேள்விகள்

மனிதவளத் தாள் எழுதப் போகிறவர்களுக்கு. ஜாப் அனாலிசிஸைப் பணிப் பகுப்பாய்வு என்றும், ஜாப் டிஸ்கிரிப்ஷனைப் பணி விவரம் என்றும், ஜாப் ஸ்பெசிஃபிகேஷனைப் பணித் தகுதிக் குறிப்பு என்றும் எழுதியிருக்கிறேன். விடையைக் கையால் மறைத்துக்கொண்டு படியுங்கள்.

1. கிடங்குக் கண்காணிப்பாளர் வேலைக்கு ஆள் எடுக்க வேண்டும். மனிதவள அலுவலர் இரண்டு நாள் கிடங்கிலேயே நின்று, இப்போது அந்த வேலையில் இருப்பவர் லாரி வந்ததும் என்ன செய்கிறார், யாரிடம் கையெழுத்து வாங்குகிறார் என்று குறித்துக்கொள்கிறார், அப்புறம் அவரோடு உட்கார்ந்து பேசுகிறார். இது எது?
அ) பணி விவரம்
ஆ) பணித் தகுதிக் குறிப்பு
இ) பணிப் பகுப்பாய்வு
ஈ) பணி மதிப்பீடு

விடை: இ. ஆவணம் எதுவும் இன்னும் தயாராகவில்லை, தகவல் திரட்டும் வேலைதான் நடக்கிறது. ஈ-யைத் தொட்டவர்கள் கவனியுங்கள்: பணி மதிப்பீடு என்பது மற்ற வேலைகளோடு ஒப்பிட்டு இந்த வேலையின் மதிப்பைக் கணிப்பது, சம்பளம் நிர்ணயிக்க உதவுவது.

2. பணி விவரத்தில் இடம்பெற வேண்டிய வரி எது?
அ) சரக்கு நிர்வாகத்தில் குறைந்தது 3 ஆண்டு அனுபவம்
ஆ) தினமும் மாலை இருப்பைச் சரிபார்த்து மேலாளரிடம் அறிக்கை கொடுத்தல்
இ) ஃபோர்க்லிஃப்ட் ஓட்டும் உரிமம்
ஈ) நெருக்கடியில் பதறாத குணம்

விடை: ஆ. இது வேலையைப் பற்றியது. மற்ற மூன்றும் ஆளைப் பற்றியவை, அவை தகுதிக் குறிப்பில் வரும்.

3. “குளிர்பதன அறையில் இரவு ஷிப்ட் உண்டு” என்பது ஒரு வரி, “குளிரில் நெடுநேரம் நின்று வேலை செய்யும் உடல்திறன் வேண்டும்” என்பது இன்னொன்று. இவை முறையே எவை?
அ) இரண்டும் பணி விவரம்
ஆ) இரண்டும் தகுதிக் குறிப்பு
இ) தகுதிக் குறிப்பு, பணி விவரம்
ஈ) பணி விவரம், தகுதிக் குறிப்பு

விடை: ஈ. நன்றாகப் படிக்கிறவர்களும் இதில்தான் தடுமாறுகிறார்கள், ஏனென்றால் இரண்டு வரியிலும் குளிர் வருகிறது, வார்த்தையைப் பார்த்துவிட்டு அ-வை எழுதிவிடுகிறார்கள். வார்த்தையை விடுங்கள், எழுவாயைத் தேடுங்கள். முதல் வரி வேலை நடக்கும் சூழலைச் சொல்கிறது. அந்த நாற்காலியில் யார் உட்கார்ந்தாலும், ஆளே இல்லாமல் காலியாகக் கிடந்தாலும் அது மாறாது. இரண்டாவது, வருகிற ஆளிடம் என்ன இருக்க வேண்டும் என்று கேட்கிறது. வேலை அப்படி இருப்பதால்தான் ஆளும் இப்படி வேண்டும் என்று ஒன்றிலிருந்து இன்னொன்று பிறக்கிறது, அதனால்தான் இரண்டும் ஒன்றுபோலத் தெரிகின்றன.

4. இந்த மூன்றையும் செய்ய வேண்டிய சரியான வரிசை எது?
அ) பகுப்பாய்வு, விவரம், தகுதிக் குறிப்பு
ஆ) விவரம், பகுப்பாய்வு, தகுதிக் குறிப்பு
இ) தகுதிக் குறிப்பு, விவரம், பகுப்பாய்வு
ஈ) விவரம், தகுதிக் குறிப்பு, பகுப்பாய்வு

விடை: அ. திரட்டிய தகவலிலிருந்து விவரம், விவரத்திலிருந்து தகுதிக் குறிப்பு. பல நிறுவனங்களில் விவரமும் தகுதிக் குறிப்பும் ஒரே தாளில் மேலும் கீழுமாக அச்சாகியிருக்கும். தாள் ஒன்று என்பதற்காக இரண்டையும் ஒன்றென்று எழுதிவிடாதீர்கள்.