இரண்டு பக்கட் சீமெந்து

களுவாஞ்சிக்குடி பிரதான வீதிக் கடையில் சனிக்கிழமை பதினொரு மணிக்கு மேல் சிவமலர் யாருக்கும் பில் போடமாட்டாள். ஒரு மணிக்குக் கடை பூட்டு. அதற்குள் நாலு பேருக்கும் காசு கையில் இருக்க வேண்டும். திங்கள் முதல் வெள்ளி வரை எட்டு மணித்தியாலம், சனி ஐந்து. சனிக்கு ஐந்தே என்றாலும் முழுநாள் கூலிதான். அது மாமனார் காலத்து ஏற்பாடு, அவள் மாற்றவில்லை.

மேசையில் மூன்று கொப்பிகள். வரவுக் கொப்பி, அட்வான்ஸ் துண்டுகள் ஒட்டிய கொப்பி, கூலிக் கொப்பி. நாலாவதாகப் புருசனின் சட்டைப்பை டயரி. அதை எப்போதும் கடைசியாகத்தான் திறப்பாள். முதலில் தன் கணக்கை முடித்துவிட்டு அதோடு ஒத்துப்பார்த்தால்தான் பிழை எங்கே என்று தெரியும்.

விமலாவுக்கு மாதச் சம்பளம் 36,000. சனிக்குச் சனி 5,000 முன்பணம் எடுப்பாள், மிச்சம் மாதக் கடைசியில். லாண்ட்மாஸ்டர்காரர் இராசையா அண்ணன் சொந்த வண்டி வைத்து நடைக்குக் காசு வாங்குகிறவர். பட்டிருப்புப் பாலம் தாண்டிப் பழுகாமத்துக்கு இரண்டு நடை, 2,500 வீதம் 5,000. வெல்லாவெளிக்கு ஒன்று, 4,000. டீசலுக்கு முன்னமே வாங்கிய 3,000 போக, கொடுக்க வேண்டியது 6,000. இவர்கள் இருவர் கணக்கும் ஐந்து நிமிசத்தில் முடிந்தது.

நிரோஷன் ஆறு நாளும் வந்திருக்கிறான். நாளுக்கு 2,000, ஆக 12,000. வியாழன் இரவு சீமெந்து லொறி வந்தபோது மூன்று மணித்தியாலம் கூட நின்றான். மணிக்கு 250, ஓவர்டைமுக்கு ஒன்றரை மடங்கு 375, மூன்றுக்கு 1,125. சேமலாப நிதிக்கு எட்டு வீதம் 960. அதை 12,000க்கு மட்டும்தான் பார்த்தாள், ஓவர்டைம் காசு அந்தக் கணக்கில் சேராது. அட்வான்ஸ் 1,500 கழித்து 10,665.

பிறகு தவம்.

புதன் பின்னேரம் மகளை ஆசுபத்திரிக்குக் கூட்டிப் போனதால் ஐந்தரை நாள். 2,800 வீதம் 15,400. ஓவர்டைம் மணிக்கு 525, மூன்றுக்கு 1,575. மொத்தம் 16,975. எட்டு வீதம் 1,232 போக 15,743. செவ்வாய் 2,000, வியாழன் 1,000, இரண்டு துண்டிலும் அவன் கையெழுத்து. கூரைத் தகடு வாங்கின கடன் 40,000இல் இன்னும் 26,000 நிற்கிறது. கிழமைக்கு 2,000 என்பது பேச்சு. எல்லாம் போக 10,743.

டயரியைத் திறந்தாள். 'தவம் 1000' என்று திகதியில்லாமல் ஒரு வரி. அதற்குக் கீழே, 'சீமெந்து 2 பக்கட் கட்டி. தவத்துக்குக் கழி. 4100.'

இரண்டையும் கழித்தால் 5,643.

முதலில் ஆயிரத்தைப் பார்த்தாள். துண்டில்லாத காசு என்றால் லாச்சிதான் சாட்சி. ஒவ்வொரு இரவும் லாச்சிக் காசை எண்ணி, அன்றைய விற்பனையோடும் துண்டுகளோடும் சரிபார்த்துத்தான் பூட்டுவாள். கிழமை முழுக்க ஒரு நாளும் ஆயிரம் குறையவில்லை. வியாழன் லாச்சி ஒரே ஒரு ஆயிரம் துண்டோடு சரியாக நின்றது. காசை எடுத்துக் கொடுத்தவர் டயரியில் எழுதியிருக்கிறார், விமலா அதே காசுக்குத் துண்டு எழுதிக் கையெழுத்து வாங்கியிருக்கிறாள். ஒரு காசு, இரண்டு எழுத்து. டயரி வரிக்குக் கோடு போட்டாள்.

சீமெந்துக்கு எழுந்து களஞ்சியத்துக்குப் போனாள். கட்டியான இரண்டு பக்கட்டும் கதவோரம் கிடந்தன. ஒன்றைப் புரட்டிப் பார்த்தாள். அடிப்பக்கம் மட்டும் கல்லாகியிருந்தது, மேல்பக்கத்தை விரலால் அமர்த்தினால் இன்னும் மாவு. மழைச் சாரலில் நனைந்திருந்தால் மேலேயோ பக்கத்திலோதான் முதலில் இறுகும். கீழிருந்து இறுகினால் நிலத்து ஈரம். அடுக்கைப் பார்த்தாள். சுவரோரத்து வரிசையின் கீழே பலகை இல்லை, வெறும் சீமெந்து நிலம்.

திரும்பி வந்து பில் கொப்பியைப் பின்னோக்கிப் புரட்டினாள். மூன்று கிழமைக்கு முந்திய பக்கத்தில் புருசனின் கையெழுத்து: 'பலகை 6, வாடகை, பிளேட் வேலை.' திரும்பி வந்ததற்கான குறி இல்லை.

"இஞ்ச பாருங்க, சுவர்ப்பக்கம் கிடந்த பலகை ஆறும் எங்க?"

"அது பிளேட் போட வாடகைக்குக் குடுத்த. இன்னும் கொண்டு வரல்ல."

"அப்ப அந்த இடத்தில பக்கட்ட என்னத்துக்கு மேல அடுக்கின?"

அவர் தராசுத் தட்டில் ஆணியைப் போட்டபடி பேசாமல் நின்றார். பிறகு, "இவன்தானே அடுக்கினான். இடமில்லையெண்டு சொல்லியிருக்கலாம்" என்றார்.

"முந்தின முறை லொறி வந்து நிக்குது, இறக்கு இறக்கெண்டு நீங்கதான் நிண்டீங்க. அவனா பலகைய வாடகைக்கு விட்ட? மறுகா, 4,100 எண்டு விக்கிற விலைய எழுதியிருக்கீங்க. நட்டமெண்டாலும் நமக்கு அவ்வளவில்ல."

"ரெண்டு பக்கட் சும்மாவா போற?"

"சும்மா போகாது. வாடகை வந்த கணக்கில கழிச்சு எழுதுறன். பலகையக் குடுத்து உழைச்ச கணக்கு, அந்த நட்டமும் அங்கதான் நிக்க வேணும்."

அவர் ஆணியை நிறுத்துக் கடதாசியில் சுற்றினார். "சரி, எழுது" என்றார்.

கூலிக் கொப்பியில் 10,743க்கு எதிரே 10,750 என்று போட்டாள். சில்லறை இல்லாத இடத்தில் மேலே உள்ள பத்துக்குத்தான் கூட்டுவாள், கீழே இறக்கமாட்டாள். நிரோஷனுக்கு 10,670. நாலு பேருக்கும் 32,420. ஐயாயிரம் தாள் ஒன்றும் எடுக்கவில்லை. அதை மாற்றுவதற்காகவே சந்தியில் வேண்டாத சாமான் வாங்குகிறார்கள். முப்பத்தொரு ஆயிரம், இரண்டு ஐந்நூறு, மூன்று நூறு, இரண்டு ஐம்பது, ஒரு இருபது. எண்ணி நாலாகப் பிரித்துவிட்டு, சேமலாப நிதிக்கான பெரிய உறையை எடுத்தாள். தவத்திடம் பிடித்த 1,232, கடைப் பங்கு பன்னிரண்டு வீதம் 1,848, நம்பிக்கை நிதி மூன்று வீதம் 462. மொத்தம் 3,542. நிரோஷனுக்கு 2,760. அந்தக் காசு லாச்சியில் கிடந்தால் அடுத்த லொறிக்குப் போய்விடும். கட்டுகிற நாள் வரும்போது லாச்சி வெறுமையாக இருக்கும், பிந்தினால் மேலதிகக் கட்டணமும் சேரும். வேலைக்காரனிடம் பிடித்த காசில் வியாபாரம் செய்வதை அவளால் பொறுக்க முடியாது.

தவம் வந்து நின்றான். சீமெந்து விசயம் அவனுக்கு முன்பே தெரிந்திருந்தது, முகத்தைப் பார்த்தாலே விளங்கியது. அவள் கொப்பியை அவன் பக்கம் திருப்பி, நாள், ஓவர்டைம், பிடித்தது என்று ஒவ்வொரு வரியாக விரல் வைத்து வாசித்தாள். காசை இரண்டு தரம் எண்ணினான்.

"பக்கட் காசு கழிக்கல்லியா அக்கா?"

"அது உன்ட கணக்கில்ல."

கையெழுத்துப் போட்டான். பேனையைக் கொடுக்காமல் நின்றான். "அப்ப தகட்டுக் கடனுக்கு இன்னும் ரெண்டாயிரம் பிடியுங்க அக்கா. கெதியா முடியட்டும்."

சிவமலர் போன கிழமைகளின் பக்கத்தைப் புரட்டிக் காட்டினாள். ஒரு கிழமை அவன் கேட்டதற்காக 4,000 பிடித்திருந்தாள். அடுத்த கிழமை திங்கட்கிழமையே 2,000, புதன் 1,500, வெள்ளி 1,000 என்று மூன்று துண்டுகள்.

"கடனில குறைஞ்சது அட்வான்சில ஏறி நிக்குது பார். ரெண்டாயிரம்தான் பேச்சு, ரெண்டாயிரமே போகட்டும். இன்னும் பன்ரெண்டு கிழமை. வாற கிழமை செவ்வாய்க்கிழமை வரைக்கும் என்னட்ட துண்டு கேக்காம நிண்டு பார்."

"ஓம் அக்கா."

"திங்கள் காலைல இராசையா அண்ணனோட போய் அந்தப் பலகை ஆறையும் ஏத்திட்டு வா. வந்த உடனே சுவர்ல இருந்து ஒரு அடி தள்ளிப் போட்டு, அடுக்க மாத்து. பழைய பக்கட் முன்னுக்கு வரட்டும். நிரோஷன், நீ வா."