இசிஜி தாள் வாசிப்பு: ஒரு துடிப்பை அலை அலையாகப் பார்த்தல்

கையில் இருப்பது 48 வயது ஆண் ஒருவரின் பன்னிரண்டு லீடு இசிஜி. நெஞ்சுவலி இல்லை, அறுவை சிகிச்சைக்கு முன் எடுத்தது. நோயின் பெயரைத் தேடாதீர்கள். கண்ணில் படுவதை அளந்து, வாய்விட்டுச் சொல்லுங்கள். எடுத்தவுடன் எஸ்டி பகுதிக்குத் தாவுபவர்தான் பி அலையைத் தவறவிடுகிறார்.

முதலில் தாளின் ஓரம். வேகம் நொடிக்கு 25 மி.மீ.; அளவீட்டுத் துடிப்பு 10 மி.மீ. உயரம், அதாவது 1 மில்லிவோல்ட். ஆகவே ஒரு சிறு கட்டம் அகலத்தில் 0.04 நொடி, உயரத்தில் 0.1 மில்லிவோல்ட். ஐந்து சிறு கட்டங்கள் சேர்ந்த பெரிய கட்டம் 0.2 நொடி. அளவீட்டுத் துடிப்பு 5 மி.மீ. மட்டுமே இருந்தால் எல்லா அலைகளும் பாதியாகக் குறுகித் தெரியும். இதைக் கவனிக்காமல் 'குறைந்த வோல்டேஜ்' என்று எழுதிவிடுவது அடிக்கடி நடக்கும் பிழை.

அடுத்து, கீழே நீளமாக ஓடும் லீடு இரண்டு. இரு ஆர் முனைகளுக்கு இடையே 20 சிறு கட்டங்கள். 1500-ஐ 20-ஆல் வகுத்தால் நிமிடத்துக்கு 75. இடைவெளி ஒழுங்கற்றிருந்தால் இந்தக் கணக்கு உதவாது. பத்து நொடியில் உள்ள கியூஆர்எஸ்களை, அதாவது கீழறைகள் தூண்டப்படும்போது எழும் கூரிய அலைத்தொகுதிகளை, எண்ணி ஆறால் பெருக்குங்கள்.

இனி அலைகள். பி அலை மேலறைகளின் டிபோலரைசேஷன், அதாவது மின்தூண்டல்: சிறிய, வழுவழுப்பான மேடு. லீடு இரண்டில் மேல்நோக்கியும், ஏவிஆரில் கீழ்நோக்கியும் இருந்தால் துடிப்பு சைனஸ் கணுவிலிருந்து வருகிறது எனலாம். அகலம் மூன்று சிறு கட்டங்களுக்குள், உயரம் இரண்டரைக்குள். லீடு இரண்டில் உயர்ந்து கூரானால் வலது மேலறையையும், அகன்று இரட்டைத் திமிலானால் இடது மேலறையையும் நினையுங்கள். வி1-இல் பி முதலில் ஏறிப் பின் இறங்குவது இயல்பே.

பிஆர் இடைவெளியைப் பி தொடங்கும் இடத்திலிருந்து கியூஆர்எஸ் தொடங்கும் இடம்வரை அளக்க வேண்டும். பி முடியும் இடத்திலிருந்து அல்ல. இங்கே நான்கு சிறு கட்டம், 0.16 நொடி. இயல்பு 0.12 முதல் 0.20 வரை. இதில் பெரும்பகுதி ஏவி கணுவில் ஏற்படும் தாமதம்.

கியூஆர்எஸ்தான் நிதானமாகப் பார்க்க வேண்டிய இடம். கீழறைகளின் இடைச்சுவர் இடமிருந்து வலமாக முதலில் தூண்டப்படுவதால், இடப்பக்கம் பார்க்கும் லீடு ஒன்று, ஏவிஎல், வி5, வி6 ஆகியவற்றில் ஊசிமுனை அளவு கியூ விழும். அது ஒரு சிறு கட்டம் அகலமோ, ஆரின் கால்பங்கு ஆழமோ எட்டினால் பழைய மாரடைப்பை யோசிக்கலாம். ஆனால் லீடு மூன்றில் மட்டும் இருக்கும் கியூவை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள். மொத்த அகலம் இங்கே இரண்டு கட்டம், 0.08 நொடி. மூன்று கட்டம் எட்டினால் கிளைக்கற்றை அடைப்பா, கீழறைத் துடிப்பா என்று கேட்க வேண்டும். மார்பு லீடுகளில் வி1-இல் குட்டி ஆர், ஆழ்ந்த எஸ். நகர நகர ஆர் வளர்ந்து, வி3 அல்லது வி4-இல் இரண்டும் சமமாகும். ஆர் வளராவிட்டால், நோயை எழுதும் முன் வி1, வி2 மின்முனைகள் நான்காம் விலாஇடைவெளிக்கு மேலே ஒட்டப்பட்டனவா என்று பாருங்கள்.

லீடு ஒன்றில் பி உட்பட எல்லாமே தலைகீழாக, ஏவிஆரில் நேராக இருந்தால், கை வயர்கள் மாறியிருக்கக்கூடும். அப்போது மார்பு லீடுகள் இயல்பாகவே இருக்கும். இதயம் வலப்பக்கம் அமைந்தவரிலோ வி1-இலிருந்து வி6 செல்லச் செல்ல ஆர் சுருங்கும்.

எஸ்டி பகுதி, கியூஆர்எஸ் முடிந்து கோடு திரும்பும் ஜே புள்ளியில் தொடங்குகிறது. டி முடிந்து அடுத்த பி தொடங்கும்வரை உள்ள சமதளத்தோடு ஒப்பிட்டுச் சொல்லுங்கள். அடுத்தடுத்த இரு லீடுகளில் ஒரு சிறு கட்ட உயர்வு பொருட்படுத்தத்தக்கது. வி2, வி3-இல் மட்டும் வரம்பு வேறு: நாற்பதைத் தாண்டிய ஆணுக்கு 2 மி.மீ., இளைய ஆணுக்கு 2.5, பெண்ணுக்கு 1.5.

டி அலை மெல்ல ஏறி, சட்டென இறங்கும். ஏவிஆரில் கவிழ்ந்தே இருக்கும். வி1-இல் கவிழ்ந்தாலும் பயமில்லை. இருபுறமும் ஒரே சரிவாக, அடி குறுகிக் கூடாரம்போல் எழுந்தால் பொட்டாசியத்தை உடனே சோதியுங்கள்.

க்யூடி இங்கே ஒன்பது கட்டம், 0.36 நொடி. ஆர்ஆர் இடைவெளி 0.8 நொடி, அதன் வர்க்கமூலத்தால் வகுத்தால் திருத்திய க்யூடி சுமார் 0.40. டி-யைத் தொடர்ந்து வி2, வி3-இல் தாழ்வாகத் தெரியும் யூ அலையை இதில் சேர்த்தால் க்யூடி பொய்யாக நீளும். பொட்டாசியம் குறைந்தவரில் டி தட்டையாகி யூ எழும்பும்போதுதான் இந்தத் தவறு அதிகம் நிகழ்கிறது.