ஒரே புள்ளி, கோப்பை நமக்கு!
பள்ளிகளுக்கான கபடி இறுதிப் போட்டி: நம் வளாகப் பள்ளி மாணவிகள் 29–28 என வெற்றி

சென்ற சனிக்கிழமை நடந்த இறுதிப் போட்டியில், நடப்புச் சாம்பியனான அணியை ஒரே ஒரு புள்ளியில் வென்று கோப்பையைக் கைப்பற்றியிருக்கிறார்கள் நம் வளாகப் பள்ளி மாணவிகள். இடைவேளையில் ஆறு புள்ளி பின்தங்கியிருந்த அணி இது. ஆட்டம் முடிய ஒன்றரை நிமிடம் இருக்கும்போதுகூட ஸ்கோர் பலகை எதிரணிக்குத்தான் சாதகமாக இருந்தது.

வீராங்கனைகளின் பெயர்களும் படமும் நான்காம் பக்கத்தில் இருக்கின்றன. இங்கே, ஆடுகளத்தில் அவர்கள் ஒருவரையொருவர் கூப்பிட்டுக்கொண்ட மாதிரியே பனியன் எண்ணைச் சொல்லி எழுதுகிறேன்.

முதல் பாதியைப் பற்றிச் சொல்லப் பெரிதாக ஒன்றுமில்லை. நம் கேப்டன், 7ஆம் எண், இரண்டாவது ரெய்டிலேயே போனஸ் எடுத்துக் கணக்கைத் தொடங்கினார். அப்புறம் பிடி நழுவிக்கொண்டே போனது. எதிரணியின் முக்கிய ரெய்டர் நல்ல உயரம். கையை நீட்டினால் கவர் நிற்கும் இடம்வரை எட்டுகிறது. அந்தக் கைக்குப் பயந்து நம் பிள்ளைகள் முன்கூட்டியே பாய்ந்தார்கள், பாய்ந்தவர்கள் எல்லாம் தொடுபட்டு வெளியே போனார்கள். பத்தாவது நிமிடத்தில் ஆல் அவுட். இடைவேளையில் 11–17.

ஐந்து நிமிட இடைவேளையில் பி.டி. டீச்சர் யாரையும் திட்டவில்லை. பக்கத்தில் தண்ணீர் பாட்டில் எடுத்துக்கொடுத்துக்கொண்டிருந்த எங்கள் கல்லூரி அணியினர் எல்லோருக்கும் கேட்டது இதுதான்: “கையைப் பார்க்காதீங்கடி. கால் உள்ளே வரட்டும். வந்த கால் திரும்பிப் போகக் கூடாது.”

இரண்டாம் பாதியில் அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டவர் இடது கார்னரில் நின்ற 9ஆம் எண். முதல் நான்கு நிமிடத்தில் மூன்று பிடி, மூன்றும் கணுக்காலில். ரெய்டர் பாடி உள்ளே வரும்போது அவர் பின்னுக்குப் போய்க்கொண்டே இருப்பார். கை அவர் முகத்துக்கு நேரே வீசும், அசைய மாட்டார். ரெய்டர் திரும்ப உடம்பைச் சாய்க்கும் அந்த நொடியில்தான் குனிவார். உடனே 4ஆம் எண் கவரிலிருந்து வந்து இடுப்பைச் சுற்றிக் கட்டிவிடுவார். மூன்று தடவையும் இதே வரிசை. கபடியில் தனியாக ஒருவர் பிடிப்பது அபூர்வம். காலைப் பிடித்தவருக்குப் பின்னால் ஆள் வரவில்லையென்றால், ரெய்டர் அவரையும் இழுத்துக்கொண்டு நடுக்கோட்டைத் தொட்டுவிடுவார். 4ஆம் எண் ஒரு தடவைகூடத் தாமதிக்கவில்லை.

இந்தப் பிடிகள் 7ஆம் எண்ணுக்குத் தெம்பு கொடுத்தன. 16–19 என்று இருந்தபோது பாடிப் போனவர், வலப்பக்கம் கைபோட்டு ஒருவரையும் திரும்பும்போது கால்விரலால் இன்னொருவரையும் தொட்டுவிட்டு வந்தார். எதிரணியில் மிச்சம் ஒரே ஆள். அவர் பாடி வந்தார், பிடிபட்டார். ஆல் அவுட்டுக்கான இரண்டு கூடுதல் புள்ளியோடு 21–19. அன்று நாம் முன்னிலைக்கு வந்தது அப்போதுதான். எங்கள் பக்கம் இருந்த கூட்டம் உட்காரவே இல்லை.

ஆனால் சாம்பியன் அணி லேசில் விடுமா? 24–24 என்று பிடித்துவிட்டார்கள். உயரமான அந்த ரெய்டர் மறுபடி கைவரிசையைக் காட்ட, இரண்டரை நிமிடம் மிச்சமிருக்கும்போது 26–28. நம் பக்கம் களத்தில் மூன்றே பேர்: 7, 9, 4.

இங்கே எதிரணி எடுத்த முடிவைச் சொல்லியாக வேண்டும். இரண்டு புள்ளி முன்னிலை இருக்கிறதே என்று ரெய்டு வந்தவர் யாரையும் தொட முயலாமல் முப்பது விநாடியைக் கரைத்துவிட்டுத் திரும்பினார். நம் கேப்டன் போனார், போனஸ் எடுத்தார், 27–28. அடுத்த ரெய்டிலும் அவர்கள் நேரத்தைத்தான் கரைத்தார்கள். கேப்டனின் மறு ரெய்டு வெறுங்கையாக முடிந்தது. ஆனால் அடுத்தடுத்து இரண்டு ரெய்டு வெறுமையாகப் போனால், மூன்றாவது டூ ஆர் டை. புள்ளி எடுக்காமல் திரும்பினால் ரெய்டர் அவுட். நேரத்தைக் கரைத்தவர்கள், கடைசியில் ஒருவரைத் தொட்டே ஆக வேண்டிய இடத்தில் வந்து நின்றார்கள். நம் பக்கமும் மூன்றே பேர் என்பதால், பிடித்தால் சூப்பர் டேக்கிள், இரண்டு புள்ளி.

உயரமான ரெய்டர்தான் வந்தார். கேப்டனைக் குறிவைத்து வலப்பக்கம் நகர்ந்தார். கேப்டன் பின்வாங்கிக் கடைக்கோட்டை ஒட்டி நின்றார். கை எட்டவில்லை. ரெய்டர் சட்டென்று இடப்பக்கம் திரும்பி 9ஆம் எண்ணின் தோளை நோக்கிக் கைவீசினார். தோளில் பட்டது. தொட்டாயிற்று, இனி கோட்டைத் தொட்டால் போதும் என்று பாய்ந்தவரின் இடது கணுக்கால் 9ஆம் எண்ணின் இரண்டு கைக்குள்ளும் சிக்கிக்கொண்டது. விழுந்தார், விழுந்தும் ஊர்ந்தார். 4ஆம் எண் முதுகின்மேல் விழுந்தார், கேப்டனும் ஓடிவந்து சேர்ந்தார். நடுக்கோட்டுக்கும் அந்த விரல்நுனிக்கும் இடையில் ஒரு சாண்கூட இல்லை. விசில். 29–28.

அரை நிமிடம் மிச்சம். கடைசி ரெய்டு நமக்கு. “போனஸ் வேண்டாம், திரும்பி வந்தா போதும்” என்று எல்லைக்கோட்டிலிருந்து குரல் வந்துகொண்டே இருந்தது. திரும்பி வந்தால் மட்டும் போதாது, பால்க் கோட்டைத் தாண்டவும் வேண்டும்; தாண்டாமல் வந்தால் ரெய்டர் அவுட், ஆட்டம் சமன். கேப்டன் வலது காலைக் கோட்டுக்கு உள்ளே ஊன்றி, இடது காலைத் தரையிலிருந்து தூக்கினார். ஒரு கணம்தான். தாண்டவில்லை என்று எதிரணி கையைத் தூக்கியது. நடுவர் அந்தப் பக்க அம்பயரிடம் கேட்டார். தாண்டியது சரியே என்று அவர் தலையாட்டினார். அந்தக் கோட்டுக்கு நேராக உட்கார்ந்திருந்த எனக்கும் இடது கால் அந்தரத்தில் இருந்தது தெளிவாகவே தெரிந்தது.

2023இல் ஹாங்சோ ஆசிய விளையாட்டில் இந்தியப் பெண்கள் அணி சீன தைபேயை 26–25 என்று வென்று தங்கம் வாங்கியது நினைவிருக்கும். அந்த ஒரு புள்ளியைப் பற்றி நம் மைதானத்தில் இந்தப் பிள்ளைகள் பேசாத நாள் குறைவு. இப்போது சொந்தமாக ஒன்று சம்பாதித்திருக்கிறார்கள்.

சிறந்த வீராங்கனை விருது கேப்டனுக்குப் போனது. தகுதியானதுதான். ஆனாலும் இந்தக் கோப்பை பிடியால் வந்தது என்பதை அழுத்திச் சொல்ல ஆசைப்படுகிறேன். ரெய்டருக்குக் கைதட்டல் தானாக வரும். கார்னரில் குனிந்து நிற்பவரைப் பெரும்பாலும் யாரும் கவனிப்பதில்லை. 9ஆம் எண் இரண்டு முழங்கையும் உரிந்துபோய்த்தான் மேடை ஏறினார். 4ஆம் எண் இந்த ஆண்டுதான் அணிக்கு வந்தவர், பத்தாம் வகுப்பு. இருவரையும் வளாகத்தில் பார்த்தால் நின்று ஒரு வார்த்தை பாராட்டிவிட்டுப் போங்கள்.

எதிரணியும் கடைசி விநாடிவரை விட்டுக்கொடுக்கவில்லை. பரிசளிப்பு முடிந்ததும் அந்த உயரமான ரெய்டர் 9ஆம் எண்ணைத் தேடிவந்து, காலை எப்போது பிடிக்கலாம் என்று எப்படித் தெரிகிறது என்று கேட்டார். இருவரும் மண்ணிலேயே உட்கார்ந்து கொஞ்ச நேரம் பேசிக்கொண்டிருந்தார்கள்.

அடுத்த சுற்று அடுத்த மாதம். அதுவரை திங்கள், புதன், வெள்ளி மாலை ஐந்தரைக்குக் கல்லூரி அணியோடு கூட்டுப் பயிற்சி நடக்கும். எதிரே நின்று ஆட நல்ல உயரமான ரெய்டர்கள் தேவை. கல்லூரி மாணவிகளில் விருப்பமுள்ளவர்கள் உடற்கல்வித் துறையில் பெயர் கொடுக்கலாம்.