மாஷா அல்லாஹ், அல்ஹம்துலில்லாஹ்: புவனாவுக்கு ஒரு பதில்

புவனா,

நீங்க கேட்டது மீட்டிங்குக்கு நடுவுல சொல்லி முடிக்கிற விஷயமில்ல, அதான் எழுதுறேன். பாப்பா நடக்கிற வீடியோவைப் பார்த்து மாஷா அல்லாஹ்னு சொன்னேன். அத்தா ஐசியூவில இருந்தப்போ அல்ஹம்துலில்லாஹ்னு சொன்னேன். அப்போ ஒண்ணு சந்தோஷத்துக்கு, இன்னொண்ணு துக்கத்துக்கான்னு கேட்டீங்க. அப்படி இல்ல.

மாஷா அல்லாஹ்னா ‘அல்லாஹ் நாடியது’. கண்ணுக்கு நிறைவா ஒண்ணைப் பார்த்தா, கேட்டா வாயில வர்றது. குழந்தை, புது வீடு, நல்ல மார்க், யாரோ அழகா ஓதுறது, எதுவானாலும் சரி. குழந்தையைப் புகழ்ந்தா “கண்ணு பட்டுடப் போகுது”ன்னு நீங்களும் சொல்வீங்கல்ல? அந்தப் பயம் எங்களுக்கும் உண்டு. கண்ணேறு உண்மைன்னு நபிமொழியே இருக்கு. அதனால மாஷா அல்லாஹ் சொல்லாம ஒரு குழந்தையைக் கொஞ்சிப் பாருங்க, வீட்டுப் பெரியவங்க முறைப்பாங்க!

ஆனா கண்ணேறு மட்டுமே காரணமில்ல. குர்ஆன்ல கஹ்ஃப் அத்தியாயத்துல ரெண்டு பேர் கதை வருது. ஒருத்தனுக்குத் திராட்சைத் தோட்டம், பேரீச்சை, நடுவுல ஆறுன்னு எல்லாம் இருக்கு. “இது என்னைக்கும் அழியாது”ன்னு பெருமை பேசுறான். கூட இருந்தவர், “உன் தோட்டத்துக்குள்ள நுழையும்போது மாஷா அல்லாஹ்னு சொல்லியிருக்கக் கூடாதா?”ன்னு கேட்கிறார் (18:39). அப்புறம் தோட்டம் அழிஞ்சே போயிடுது. கவனிச்சீங்களா, அங்க அந்த வார்த்தையைச் சொல்ல வேண்டியவன் பக்கத்து வீட்டுக்காரன் இல்ல, சொந்தக்காரனே. அடுத்தவங்க பொறாமைக்கு மட்டுமில்ல, நம்ம கர்வத்துக்கும் அதுதான் கடிவாளம். அதனால உங்க ப்ரமோஷனுக்கு நான் மாஷா அல்லாஹ் சொன்னா, உங்க உழைப்பைக் குறைச்சுச் சொன்னதா எடுத்துக்காதீங்க. மனசார வாழ்த்துறேன்னு அர்த்தம்.

அடுத்தது அல்ஹம்துலில்லாஹ். ஏ. ஆர். ரஹ்மான் 2009 ஆஸ்கர் மேடையில “எல்லாப் புகழும் இறைவனுக்கே”ன்னு தமிழ்ல சொன்னாரே, அதேதான் இது. ‘அல்லாஹ்வின் பெயரால்’னு தொடங்குற பிஸ்மிக்கு அடுத்து, குர்ஆனோட முதல் அத்தியாயமான ஃபாத்திஹா இந்த வார்த்தையிலதான் ஆரம்பிக்குது. கடமையான தொழுகை மட்டுமே நாளுக்கு 17 ரக்அத், அதாவது நின்னு குனிஞ்சு சஜ்தா செய்யுற 17 சுற்று, ஒவ்வொண்ணுலயும் ஃபாத்திஹா உண்டு. அப்புறம் நாக்கு சும்மா இருக்குமா? சாப்பிட்டு முடிச்சா, தும்மினா, சர்வர் திரும்ப எழுந்தா, எல்லாத்துக்கும் அது தானா வந்துடும்.

“எப்படி இருக்கீங்க?”ன்னு கேட்டாலும் அதுதான் பதில். இங்கதான் வெளியாளுங்க ஏமாந்துடுவாங்க. கேட்டவருக்கு ‘நல்லா இருக்கேன்’னு கேட்கும், ஆனா அந்த வார்த்தை அதைச் சொல்லவே இல்ல. நல்லதுலயும் கெட்டதுலயும் சொல்றதுதான் அது. ‘அல்ஹம்துலில்லாஹ் அலா குல்லி ஹால்’னு நீட்டியும் சொல்வோம்: எந்த நிலையிலும் புகழ் அவனுக்கே. அத்தாவுக்கு மூச்சுத் திணறின அன்னைக்கும் நான் சொன்னது அதுதான். குணமாயிட்டார்னு அர்த்தமில்ல, முறையிடாம இருக்கப் பார்க்கிறேன்னு அர்த்தம். அதனால நான் அல்ஹம்துலில்லாஹ்னு நிறுத்திட்டா, “சரி, டாக்டர் என்ன சொன்னார்?”னு இன்னொரு தடவை கேளுங்க. வேலை விஷயத்துலயும் அப்படித்தான், எத்தனை சதவீதம் முடிஞ்சதுன்னு தனியா கேட்டுக்கணும். (‘அல்லாஹ் நாடினால்’ங்கிற இன்ஷா அல்லாஹ் இனிமே நடக்கப் போறதுக்கு. சிலர் அதை மரியாதையா ‘முடியாது’ன்னு சொல்லப் பயன்படுத்துறாங்க. நான் அந்த ரகமில்ல!)

நீங்க சொல்லலாமான்னும் கேட்டீங்க. தாராளமா. அரபி பேசுற கிறிஸ்தவங்களும் அல்ஹம்துலில்லாஹ் சொல்றவங்கதான். என் தங்கச்சி கல்யாணப் போட்டோவைப் பார்த்து நீங்க மாஷா அல்லாஹ் சொன்னா எனக்குச் சந்தோஷம்தான், “ரொம்ப அழகா இருக்கா”ன்னு சொன்னாலும் அதே சந்தோஷம்தான். நான் சொல்லும்போது நீங்க பதிலுக்கு எதுவும் சொல்லணும்னு இல்ல. தும்மிட்டு அல்ஹம்துலில்லாஹ்னு நான் சொன்னா ஃபாத்திமா ‘அல்லாஹ் உனக்கு இரக்கம் காட்டட்டும்’ங்கிற அர்த்தத்துல ‘யர்ஹமுகில்லாஹ்’னு சொல்றது எங்களுக்குள்ள உள்ள முறை, உங்களுக்கு அந்தக் கடமை கிடையாது.

ஒரே ஒரு இடத்துல மட்டும் ஜாக்கிரதை. கஷ்டத்துல அல்ஹம்துலில்லாஹ் சொல்றது கஷ்டப்படுறவங்களோட உரிமை. ஒருத்தருக்கு வேலை போச்சுன்னு கேள்விப்பட்டு பக்கத்துல இருக்கிறவர் அதைச் சொன்னா, ‘நல்லா வேணும்’னு சொன்ன மாதிரி ஆயிடும். மவுத்து, அதாவது சாவுச் செய்திக்கும் இது ரெண்டும் வேண்டாம். அதுக்கு ‘இன்னா லில்லாஹி வ இன்னா இலைஹி ராஜிஊன்’னு தனியா இருக்கு: நாம அல்லாஹ்வுக்கே உரியவங்க, அவன்கிட்டயே திரும்பிப் போறவங்க. அதெல்லாம் மனப்பாடம் பண்ண வேண்டாம், கையைப் பிடிச்சுக்கிட்டு தமிழ்ல ரெண்டு வார்த்தை ஆறுதலா சொன்னாப் போதும்.

யாஸ்மின்