கோமதிக்கும் பிள்ளைகளுக்கும், எனக்கு எல்லாம் தெரியும்

தண்டையார்பேட்டை
மே 27, ராத்திரி மூணே கால்

கோமதி, மீனா, தினேஷ்,

முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன். எனக்கு என்ன வியாதி என்று தெரியும். பிப்ரவரியில் இருந்தே தெரியும். "குடல்ல புண்ணு, மாத்திரைல சரியாயிடும்"னு நீங்கள் மூணு பேரும் ஒரே மாதிரி சொன்னபோதே சந்தேகம்தான், ஏனென்றால் நம் வீட்டில் மூணு பேர் எதையும் ஒரே மாதிரி சொன்னதே கிடையாது. பீரோவில் புடவைக்கு அடியில் வைத்திருந்த ரிப்போர்ட்டை எடுத்து, புரியாத வார்த்தையை ஒவ்வொரு எழுத்தாகப் பார்த்து போனில் தட்டித் தேடினேன். கணையத்தில் புற்றுநோய், கல்லீரலுக்கும் பரவிவிட்டது. அதற்கு மேல் என்ன ஆகும் என்பதையும் அன்றைக்கே படித்துவிட்டேன்.

தெரிந்தும் ஏன் நடித்தேன் என்று கேட்பீர்கள். நீங்கள் எனக்காக அவ்வளவு கஷ்டப்பட்டு மறைக்கும்போது அதை உடைக்க மனசு வரவில்லை. மீனா பாத்ரூம் குழாயைத் திறந்துவிட்டு அழுவது ஹாலில் படுத்திருக்கும் எனக்குக் கேட்காதா? முப்பது வருஷம் எஞ்சின் சத்தத்தை வைத்தே கோளாறு சொன்னவன் காது இது. நான் உங்களுக்காக நடிக்க, நீங்கள் எனக்காக நடிக்க, இருக்கிற கொஞ்ச நாளும் இப்படியே போகிறது. பேஜாராக இருக்கிறது. அதனால்தான் செத்த பிறகு படிக்கிற மாதிரி எழுதி வைக்காமல், விடிந்ததும் குரூப்பில் அனுப்பிவிடலாம் என்று இதைத் தட்டுகிறேன்.

கோமதி, காமாலை வந்தபோது கீழாநெல்லி கொடுத்து ஒரு மாசம் வீணாக்கிவிட்டோம் என்று நீ உன் அக்காவிடம் சொன்னது என் காதில் விழுந்தது. அதை விடு. உடம்பெல்லாம் அரிப்பு, ஒன்றுக்குப் போனால் டீ டிகாஷன் நிறம், பத்து கிலோ இறங்கிவிட்டது, ஆனால் வலி இல்லை. வலி இல்லாததால் நானும்தான் அலட்சியமாக இருந்தேன். முதலில் போன இடத்திலும் வெறும் காமாலை என்றுதான் அனுப்பினார்கள். இந்த வியாதி அப்படித்தானாம், உள்ளே ஒளிந்திருந்து முத்திய பிறகுதான் முகம் காட்டும். ட்யூப் வைத்து காமாலை இறங்கியதும் பொழைத்துக்கொண்டேன் என்று நம்பி அம்மன் கோவிலுக்குக் கூழ் ஊற்ற வேண்டிக்கொண்டாயே, அதை மட்டும் ஆடி மாசம் ஊற்றிவிடு. நான் இருந்தாலும் இல்லாவிட்டாலும். பாக்கி வைக்க வேண்டாம்.

மீனா, மாத்திரை விஷயம். மார்ஃபின் பழக்கமாகிவிடும் என்று பயந்து நீ ராத்திரி வேளையைத் தள்ளிப்போடுகிறாய். எண்ணிப் பார்த்தேன், அட்டையில் மிச்சம் இருக்கிறது. நாலு மணி நேரத்துக்கு ஒரு தரம் என்றால் நாலு மணி நேரம்தான் பாப்பா, வலி வந்த பிறகு கொடுத்தால் அது அடங்க ரொம்ப நேரம் ஆகிறது. இந்த வலிக்குக் கொடுக்கிற மருந்து போதை கிடையாது என்று அந்த நர்ஸம்மா உன்னிடம் சொன்னதும் எனக்குக் கேட்டது. அப்படியே பழகினால்தான் என்ன, நான் எந்த வேலைக்குப் போகப் போகிறேன்? கூடவே மலச்சிக்கலுக்குக் கொடுத்ததையும் விடாமல் கொடு. வெட்கப்படாமல் சொல்கிறேன், அந்தக் கஷ்டம் இதைவிடப் பெரிசாக இருக்கிறது.

கடைசியில் மூச்சு வாங்கினால் என்னைத் தூக்கிக்கொண்டு ஓடவேண்டாம். ஐசியூ வேண்டாம், வாயில் குழாய் வேண்டாம். தினேஷ் நீதான் கத்துவாய் என்று தெரியும், அதனால்தான் ரெண்டு சாட்சி வைத்து, நோட்டரி முத்திரையோடு எழுதி வைத்திருக்கிறேன். 2018-இலேயே சுப்ரீம் கோர்ட்டு இப்படி எழுதி வைக்கலாம் என்று சொல்லிவிட்டது, 2023-இல் நடைமுறையையும் சுலபமாக்கிவிட்டார்கள். எனக்குப் பேச்சு இல்லாமல் போனால் முடிவு சொல்ல அம்மா பெயரும் மீனா பெயரும் போட்டிருக்கிறேன். உன் பெயரைப் போடாததற்குக் கோபப்படாதே. நீ விடமாட்டாய், அதனால்தான்.

வீடு அம்மாவுக்கு. உயில் பதிவு செய்தாகிவிட்டது, டிரங்குப் பெட்டியில் பச்சை பைலில் இருக்கிறது. பேங்கில் நாமினி மீனா என்று இருப்பதால் பணம் அவளுக்கே என்று அர்த்தமில்லை, வாங்கி உயிலில் உள்ளபடி பிரித்துக் கொடுக்கிற பொறுப்புதான். சீட்டு இன்னும் நாலு தவணை கட்ட வேண்டும். டீக்கடையில் 340 ரூபாய். எனக்கு வரவேண்டியது ஒரு படகு ஓனரிடம் 18,000. அவர் கொடுத்தால் வாங்குங்கள், போய்ச் சண்டை போடாதீர்கள், போன வருஷம் அவருக்கும் வலை எல்லாம் போய்விட்டது.

டூல்ஸ் எல்லாம் அப்புவுக்கு. பதினாலு வயசில் ஸ்கூலை விட்டு வந்து என்னிடம் டீசலில் கை கழுவிய பையன். நாசில் சத்தத்தை இப்போது என்னைவிட நன்றாகப் பிடிக்கிறான். தினேஷ், உனக்கு இதில் எரிச்சல் வேண்டாம், நீ ஒரு நாள்கூட ஸ்பானர் பிடிக்க மாட்டேன் என்றாய், அது தப்பில்லை, அன்றைக்கு நான் கை ஓங்கியதுதான் தப்பு. பத்து வருஷம் ஆகிறது, இன்னும் உறுத்துகிறது. ஃபீலர் கேஜ் மட்டும் நீ வைத்துக்கொள். எதற்கும் உதவாது. சும்மா வைத்துக்கொள்.

சேகருக்குப் போன் போடுங்கள். 2009-இல் என் அம்மா வீட்டுப் பங்கில் அவன் சொன்ன கணக்குதான் சரி, அப்போதே எனக்குத் தெரியும், வீம்பு. சாவுக்கு வந்து மாலை போடுவதற்குப் பதிலாக இந்த ஞாயிற்றுக்கிழமை வரச் சொல்லுங்கள்.

என்னை மூலக்கொத்தளத்துக்குக் கொண்டு போங்கள், அப்பா அம்மா அங்கேதான். ராத்திரி கானா வைக்கலாம், தெருவில் பையன்கள் ஆசைப்படுவார்கள், எனக்கும் பிடிக்கும். ஆனால் தண்ணிக்கு யாரும் காசு கொடுக்கக்கூடாது. டிஎச் ரோட்டில் பஸ்ஸை நிறுத்தி வெடி போடக்கூடாது. ரோட்டில் பூ இறைக்கவே கூடாது, யாரோ ஒருத்தர் சாவு ஊர்வலத்துப் பூவில் வண்டி சறுக்கி மணிக்கட்டை உடைத்துக்கொண்டவன் நான், மறந்துவிட்டீர்களா? அதற்கு முன்னால் கண்ணை எடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள். ஆறு மணி நேரத்துக்குள் கண் வங்கிக்குப் போன் போட வேண்டும். அவர்கள் வரும்வரை ஃபேனை நிறுத்திவிட்டு, இமையை மூடி ஈரப் பஞ்சு வையுங்கள். இந்தப் புற்றுநோய்க்காரன் கண்ணை எடுத்துக்கொள்வார்கள், விசாரித்துவிட்டேன், ரத்தப் புற்றுநோய் என்றால்தான் வேண்டாம் என்பார்களாம்.

கோமதி, உனக்கு என்று தனியாக எழுத உட்கார்ந்தால் ஒன்றும் வரவில்லை. சுனாமி அன்றைக்கு நான் வார்ஃபில் இருந்தேன் என்று தெரிந்து, செருப்புகூட இல்லாமல் மீனாவை இடுப்பில் தூக்கிக்கொண்டு காசிமேடு வரை ஓடி வந்தாய். என்னைப் பார்த்ததும் ஓங்கி ஒரு அறை விட்டாய், ஞாபகம் இருக்கிறதா? அந்த அறை இன்னும் கன்னத்தில் இருக்கிறது. வெள்ளைப் புடவை, பொட்டு அழிப்பு எல்லாம் நம் வீட்டில் வேண்டாம், உன் அக்கா என்ன சொன்னாலும் சரி. கெம்புக்கல் மூக்குத்தியைக் கழற்றாதே.

தடைக்காலம் முடிய இன்னும் பதினெட்டு நாள் இருக்கிறது. 61 நாளும் படகுகள் கரையில் கிடக்கும்போதுதான் எனக்கு மூச்சுவிட நேரம் இருக்காது, எல்லா எஞ்சினையும் பிரித்து மாட்டியாக வேண்டும். இந்த வருஷம்தான் தடைக்காலத்தில் முதல்முறையாக வீட்டில் படுத்திருக்கிறேன். ஜூன் 14 ராத்திரி அத்தனை எஞ்சினும் ஒன்றாக ஸ்டார்ட் ஆகும். அதுவரை இருந்தால் ஆட்டோவில் தலைகாணி வைத்து வார்ஃபுக்குக் கூட்டிப்போங்கள். இல்லாவிட்டால் தினேஷ், நீ போய் நின்று போனில் ரெக்கார்டு செய்து வை.

விடிந்ததும் அனுப்பிவிடுவேன். படித்துவிட்டு மூணு பேரும் ஒன்றாக ஓடி வராதீர்கள். முதலில் அந்த ராத்திரி மாத்திரையைக் கொடுங்கள்.

உங்கள் நைனா,
ஏகாம்பரம்