ஏறாத துலா
(நாற்பது விநாடிக் காணொளி: கதையும் சத்தக் குறிப்பும்)

இடம்: உரும்பிராய், ஒரு வீட்டின் பின்வளவு. நேரம்: நள்ளிரவு. திரையில் நெருப்பு மட்டும். ஒரு குரல், ஒரு கிணறு, ஒரு துலா. துலா கண்ணில் படாது.

வாசிக்கிற அக்காவுக்கும் சத்தம் எடுக்கிற தம்பிக்கும் முதலில் ஒன்று. இந்தக் கதையில் இரத்தம் இல்லை, முகம் இல்லை, அலறல் இல்லை. செத்தவரைப் பற்றி ஒரு சொல்கூட இல்லை. முதல் இருபது விநாடியில் கேட்பவரின் காதுக்கு ஒரு தாளத்தைப் பழக்குகிறோம்: இறங்கும், ஏறும், ஊற்றும். அதன் பிறகு ஏற வேண்டிய இடத்தில் ஏறவிடாமல் நிறுத்துகிறோம். பயம் வருவது அந்த இடத்தில்தான்.

வாசிக்க வேண்டியது

உரும்பிராயில், எங்கள் அம்மம்மா வீட்டுக் கிணற்றில் துலா இல்லை. கழற்றி இருபது வருடம்.

அன்றைக்கு இரவு, கரண்ட் போன நேரம்…

துலா இறங்கியது.

ஏறியது.

மூன்றாம் தரம் இறங்கியது…

ஏறவில்லை.

ஆரது?

விடியப் பார்த்தேன். வாசல் செவ்வரத்தைக்கு யாரோ தண்ணீர் ஊற்றியிருக்கிறார்கள்.

இவ்வளவுதான். வாசிப்புக்குப் போவது ஏறத்தாழ பதினெட்டு விநாடி. மீதி முழுவதும் சத்தத்துக்கும் சத்தமின்மைக்கும். ஒரு சொல்கூடச் சேர்க்க வேண்டாம் அக்கா. சேர்த்தால் இடைவெளி சுருங்கும், இடைவெளி சுருங்கினால் கதையே போய்விடும்.

விநாடி விநாடியாக

0 – 3: நெருப்பு மட்டும். கங்குமட்டை எரிகிற சத்தம், நடுவில் ஒரு வெடிப்பு. பின்னால் சில்வண்டு. சில்வண்டை இங்கே நன்றாகக் கேட்க விடவேண்டும். பின்னால் அது நிற்கும்போதுதான் ஏன் இப்படிச் சொன்னேன் என்று தெரியும்.

3 – 9: முதல் இரண்டு வசனமும் சாதாரணக் குரலில், ஊர்க்கதை சொல்கிற மாதிரி. "துலா இல்லை" என்பதை அழுத்த வேண்டாம். அழுத்தினால் எல்லாரும் முன்கூட்டியே கண்டுபிடித்துவிடுவார்கள்.

9 – 11: "அன்றைக்கு இரவு, கரண்ட் போன நேரம்…" கடைசிச் சொல்லை முடிக்காமல் தொங்கவிடவும்.

11 – 13: கிறீச்ச்ச். மரத்தோடு மரம் உரசுகிற நீண்ட சத்தம், மேலிருந்து கீழ்நோக்கிப் போவது போல. தூரத்தில், இடது பக்கம்.

13 – 14: "துலா இறங்கியது."

14 – 16: வாளி தண்ணீரைத் தொடுகிற சத்தம், கிணற்றுக்குள் இருந்து எழும் முழக்கத்தோடு. உடனே திரும்பிவரும் கிறீச், இம்முறை கீழிருந்து மேலே.

16 – 17: "ஏறியது." அதன் வாலிலேயே தண்ணீர் மண்ணில் விழுகிற சத்தம். மண் குடிக்கிற மாதிரி, மெதுவாக.

17 – 21: வாசிப்பு இல்லை. இறங்கும், தொடும், ஏறும், ஊற்றும். அதே வரிசை, அதே வேகம். இரண்டாம் தரம் கேட்டதும் காது தானாகவே எண்ணத் தொடங்கிவிடும். ஆனால் சத்தம் ஒரு படி அருகில் வரவேண்டும், இடதில் இருந்து கொஞ்சம் நடுப்பக்கம்.

21 – 23: "மூன்றாம் தரம் இறங்கியது…" வாசிப்புக்கு அடியில் அந்த இறங்கும் கிறீச்.

23 – 25: வாளி தண்ணீரைத் தொடுகிறது. ஏற வேண்டிய இடத்தில் ஒன்றும் இல்லை. "ஏறவில்லை."

25 – 28: சில்வண்டு சட்டென்று நிற்கிறது. நெருப்பு தணிந்து ஒரேயொரு சின்ன வெடிப்பு. அவ்வளவே.

28 – 29: "ஆரது?" மூச்சால் மட்டும்.

29 – 33: மறுமொழி இல்லை. 32ஆம் விநாடியில், மிக அருகில், சீமெந்துப் படியில் தகர வாளியை வைக்கிற மெல்லிய "டொக்". அதன் பின் இரண்டு துளி.

33 – 37: சில்வண்டு மறுபடி, ஒன்று, பிறகு பல. அது வந்த பிறகே கடைசி வசனம்: "விடியப் பார்த்தேன். வாசல் செவ்வரத்தைக்கு யாரோ தண்ணீர் ஊற்றியிருக்கிறார்கள்." இந்த வசனம் சாந்தமாக இருக்கட்டும். அதில் பயம் வேண்டாம், ஒரு அன்பு இருக்கட்டும்.

37 – 40: நெருப்பு அடங்குகிறது. சில்வண்டு நிற்கிறது. வலது காதில், பக்கத்திலேயே, ஏறுகிற கிறீச். முழுதாக முடிவதற்குள் வெட்டு.

மூன்றாம் தரம் வராமல் போன ஏற்றம்தான் அது. வேறு சத்தம் போட்டு முடித்தால் கதை உடைந்துவிடும்.

சில்வண்டு பற்றி

இந்தக் கதையில் பேய் நடந்து வருவதைக் காட்டுவது சில்வண்டுதான். பின்வளவில் இரவில் நடந்திருந்தால் தெரியும்: நாம் ஒரு அடி வைக்கும்போது பக்கத்துப் பற்றையில் கத்திக்கொண்டிருந்தது வாயை மூடிவிடும். அதிர்வு தெரிந்தால் அது நிறுத்தும். ஆகவே 25ஆம் விநாடியில் சில்வண்டு நின்றால், யாரோ நடக்கிறார்கள் என்று அர்த்தம். காலடிச் சத்தம் தேவையே இல்லை. தம்பி, காலடி போடலாமா என்று நீ கேட்பாய் என்று தெரியும். வேண்டாம். போட்டால் ஆளின் பாரமும் உயரமும் தெரிந்துவிடும், ஆள் உருவாகிவிடும்.

சத்தம் எடுக்கிற விதம்

உண்மையான துலா கிடைத்தால் மிக நல்லது. அப்படி ஒரு கிணறு யார் வளவிலாவது இருந்தால் கேட்டுப் பார். கிடைக்காவிட்டால் பழைய மரப் படலையின் குடுமியில் எண்ணெய் விடாமல் மெதுவாக ஆட்டு. இரண்டு நொடிக்கு ஒரு தரம், ஒரே கையால், ஒரே வேகத்தில். வேகம் மாறினால் தாளம் போய்விடும். இறங்கும் சத்தத்துக்கும் ஏறும் சத்தத்துக்கும் வித்தியாசம் தெரியவேண்டும். ஏறும்போது பாரம் இருக்கும், ஆகவே அது கொஞ்சம் தடிப்பாகவும் நீளமாகவும் வரட்டும்.

வாளியைத் தண்ணீரில் விடுவதை உண்மையான கிணற்றில்தான் எடுக்க வேண்டும். தொட்டித் தண்ணீரில் எடுத்தால் அந்த முழக்கம் வராது. நம்முடைய கிணறுகளைச் சுண்ணக்கல்லில் வெட்டியிருக்கிறார்கள், அந்தக் கல்லில் பட்டுத் திரும்பும் ஒலி வேறு. மைக்கைக் கிணற்றுக் கட்டில் வைத்து உள்ளே பார்க்கத் திருப்பி, வாளியைக் கயிற்றால் இறக்கு. கிணற்றடியில் ஒருவர் கட்டாயம் கூட நிற்க வேண்டும், கட்டில் ஏறக் கூடாது.

எடுக்கும் நேரம் அதிகாலை இரண்டு மணிக்குப் பிறகு. அதற்கு முன்னால் யாராவது மோட்டரில் தண்ணீர் இறைப்பார்கள், நாய் குரைக்கும், மோட்டார் சைக்கிள் போகும். சோளகம் அடிக்கும் காலத்தில் பனையோலைச் சரசரப்பு எல்லாவற்றையும் மூடிவிடும். காற்று அடங்கிய இரவுக்காகக் காத்திருப்போம். பனையோலைச் சத்தம் அழகானதுதான், ஆனால் அது இருந்தால் இந்த அமைதி இருக்காது.

எல்லாம் எடுத்து முடிந்ததும் யாரும் அசையாமல் ஒரு நிமிடம் அந்த வளவின் வெறும் அமைதியையும் பதிந்து வை. 25 முதல் 32 வரை அடியில் போட வேண்டியது அதைத்தான். முழுதாகச் சத்தமே இல்லாமல் விட்டால் காணொளி நின்றுவிட்டது என்று நினைத்து விரலால் தள்ளிவிடுவார்கள். அந்த இடத்து அமைதியில் ஒரு மூச்சு இருக்கும், காது அதை உணரும்.

எல்லாவற்றையும் போனில்தான் கேட்பார்கள் என்று வைத்துக்கொள். போன் ஒலிபெருக்கியில் மிகத் தாழ்ந்த முழக்கம் கேட்காது. ஆகவே "பூம்" என்ற அடித்தளச் சத்தம் போடுவதில் பயன் இல்லை. மனிதக் காது கூர்மையாகக் கேட்பது ஏறத்தாழ 2,000 முதல் 5,000 ஹேர்ட்ஸ் வரையான இடத்தில். மரத்தின் கிறீச்சில் கூராக இருக்கிற பகுதி அங்கேதான் வரும், சின்ன ஒலிபெருக்கியிலும் தப்பாது. இடது வலது பிரித்ததும் ஒரு தரம் இரண்டையும் ஒன்றாக்கி, ஒற்றை ஒலிபெருக்கியிலும் கேட்டுப் பார். அங்கே கடைசிக் கிறீச் காணாமல் போனால் மறுபடி செய்வோம்.

இது வேண்டவே வேண்டாம்

திடீரென்று பெரிய சத்தம் போட்டுத் தூக்கிப்போட வைப்பது. இணையத்தில் எல்லாரும் செய்கிறார்கள், தெரியும். நம்முடைய வீடுகளில் அந்தச் சத்தத்துக்கு வேறு அர்த்தம் இருக்கிறது. யுத்தம் 2009இல் முடிந்தது. ஆனால் ஒரு வெடிச்சத்தத்துக்கு இன்றும் நிலத்தில் குந்திவிடுகிற அம்மாக்களை எனக்குத் தெரியும். தலைக்கு மேலே சுற்றுகிற மாதிரி இரைச்சலும் வேண்டாம், சைரனும் வேண்டாம். அம்மாவும் பிள்ளையும் ஒரே போனில் பார்க்கிற கதையாக இது இருக்கட்டும். ஆகவே எந்த இடத்திலும் சத்தம் வாசிப்புக் குரலை விட உயரக் கூடாது. "டொக்" கூடக் குரலுக்குக் கீழேதான்.

படம்

நிலைக்குத்தாக, ஒரே காட்சி, வெட்டு இல்லை. கங்குமட்டையும் பொச்சும் போட்ட நெருப்பு, பின்னால் இருட்டு. கிணற்றைக் காட்ட வேண்டாம், செவ்வரத்தையையும் வேண்டாம். 25ஆம் விநாடியில் சுடர் தணிய வேண்டும். ஒருவர் கட்டையை ஒரு தடியால் மெல்ல விலக்கினால் போதும், கை படத்தில் வரக் கூடாது. பக்கத்தில் ஒரு வாளி தண்ணீர் எப்போதும் இருக்கட்டும். கடைசி வெட்டில் திரை முழுக் கறுப்பு.

முதல் நொடியில் திரையின் கீழே சின்ன எழுத்தில்: "இயர்போன் போட்டுக் கேளுங்கள்."

காணொளிக்குக் கீழே எழுத வேண்டியது:

"எங்கள் அம்மம்மா வீட்டில் துலா மிதித்துத் தண்ணீர் இறைத்த ஒருவரை நினைத்துச் செய்தது. உங்கள் வளவுக் கிணற்றின் சத்தம் உங்களுக்கு நினைவிருக்கிறதா? எப்படி இருக்கும் என்று எழுதுங்கள்."