ஜூலை 21 முதல் 26 வரையிலான வாரத்தின் உணவுப் பட்டியலும் ஆர்டர் நேரமும்

வாடிக்கையாளர்கள் அனைவருக்கும் வணக்கம்.

எந்த நாளுக்கான மதிய உணவானாலும் அதற்கு முந்தைய நாள் இரவு 7 மணிக்குள் ஆர்டர் வந்து சேர வேண்டும். திங்கட்கிழமை உணவுக்கு ஞாயிறு இரவு 7 மணி என்று கொள்ளவும். இந்த வாரம் அமாவாசைச் சாப்பாட்டுக்கும் சனிக்கிழமைச் சந்தகைக்கும் மட்டும் நேரம் வேறு. அவற்றை அந்தந்த நாளின் கீழ் எழுதியிருக்கிறேன். ஏழு மணிக்கு எண்ணிக்கையை முடித்த பிறகுதான் கொள்ளும் பயறும் எவ்வளவு ஊறப்போட வேண்டும் என்பதையும், விடியற்காலையில் உழவர் சந்தையில் எவ்வளவு காய் வாங்க வேண்டும் என்பதையும் முடிவு செய்கிறேன். அதற்குப் பின் வரும் ஆர்டருக்காக குழம்பில் தண்ணீர் சேர்த்துப் பெருக்க எனக்கு மனம் வராது என்பதால், தாமதமான ஆர்டர்களை ஏற்க இயலாது.

திங்கட்கிழமை (21) அரிசிம்பருப்பு சாதம், நெய், வெங்காயத் தயிர்ப் பச்சடி, அப்பளம். விலை 90 ரூபாய். செவ்வாய்க்கிழமை (22) சாதம், கொள்ளுக் கடைசல், கொள்ளு வேகவைத்த தண்ணீரிலேயே வைக்கும் ரசம், பீட்ரூட் பொரியல், மோர். விலை 110 ரூபாய்.

புதன்கிழமை (23) ராகிக் களி, தண்டுக்கீரைக் கடைசல், நிலக்கடலைச் சட்னி. விலை 100 ரூபாய். களி ஆறினால் இறுகிவிடும் என்பதால் அன்று வடவள்ளிக்கும் கல்வீரம்பாளையத்துக்கும் மட்டுமே கொடுத்தனுப்புகிறேன். பி.என்.புதூரில் இருப்பவர்கள் நேரில் வந்து வாங்கிக்கொள்வதானால் ஆர்டர் செய்யலாம். நிலக்கடலை ஒவ்வாதவர்கள் முன்கூட்டியே சொன்னால் சட்னிக்குப் பதிலாகத் தயிர் வைக்கிறேன். தாளிப்பதற்கும் வதக்குவதற்கும் நான் பயன்படுத்துவது செக்குக் கடலை எண்ணெய்தான். ஆகவே கடும் ஒவ்வாமை உள்ளவர்கள் எந்த நாளும் இங்கு வாங்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

வியாழக்கிழமை (24) ஆடி அமாவாசை. அன்று வெங்காயமும் பூண்டும் அடுப்படிக்குள் வராது. சாதம், பாசிப்பருப்பு சாம்பார், வாழைக்காய்ப் பொரியல், அவரைக்காய்க் கூட்டு, மிளகு ரசம், உளுந்து வடை, பருப்புப் பாயசம் ஆகியவை சேர்த்து 160 ரூபாய். தனியாக வசிக்கும் முதியவர்களும், விரதம் இருந்தும் அலுவலகம் போக வேண்டியவர்களும் சென்ற மாதமே கேட்டதால்தான் இதைச் செய்கிறேன். படையலுக்கு வைக்கும் உணவை அவரவர் வீட்டில், அவரவர் முறைப்படி சமைப்பதே சரி என்பது என் கருத்து. ஆகவே படையலுக்கென்று தயவுசெய்து கேட்க வேண்டாம். இந்தச் சாப்பாட்டுக்கான ஆர்டர் செவ்வாய்க்கிழமை இரவு 7 மணியோடு முடிகிறது. அமாவாசைக்கு முந்தைய நாள் காய்கறிக் கூட்டம் அதிகம் என்பதால் புதன் காலையிலேயே வாங்கி வைத்துவிடுவேன்.

வெள்ளிக்கிழமை (25) சாதம், முருங்கைக்காய் சாம்பார், பச்சைப்புளி ரசம், முட்டைகோஸ் பொரியல். விலை 110 ரூபாய். ஆடி வெள்ளி என்பதால் கடலைப்பருப்பு ஒப்புட்டும் உண்டு, ஒன்று 30 ரூபாய். ஒப்புட்டு மட்டும் வாங்குவதானால் குறைந்தது நான்கு வேண்டும்.

சனிக்கிழமை (26) மதிய உணவு கிடையாது, காலை 7.30 முதல் 8.30 வரை சந்தகை மட்டும். எலுமிச்சைச் சந்தகையும், தேங்காய்ப்பாலும் வெல்லமும் தொட்டுக்கொள்ள வெறும் சந்தகையும் சேர்ந்தது ஒரு பங்கு, விலை 120 ரூபாய். அரிசியை வெள்ளி பிற்பகலில் ஊறவைத்து, இரவு அரைத்து, விடியற்காலை வேகவைத்துச் சூடு ஆறும் முன் அச்சில் பிழிய வேண்டியிருப்பதால் ஆர்டர் நேரம் வெள்ளிக்கிழமை பகல் 2 மணி. பிழிவதற்கு இரண்டு பேர்தான் இருக்கிறோம். அதனால் 40 பங்கு நிறைந்தவுடன், 2 மணிக்கு முன்பாக இருந்தாலும் நிறுத்திவிடுவேன்.

ஆர்டர் அனுப்பும்போது பெயர், கிழமை, எத்தனை பேருக்கு, எந்தத் தெரு ஆகியவற்றை இந்த எண்ணுக்கே வாட்ஸ்அப்பில் எழுதுங்கள். தொலைபேசியில் சொன்னால் சமைக்கும் அவசரத்தில் மறக்க வாய்ப்புண்டு. பணம் வந்து, நான் "உறுதி" என்று பதில் அனுப்பிய பிறகே ஆர்டர் ஏற்கப்பட்டதாகும். குறித்த நேரத்துக்குள் ரத்து செய்தால் முழுத் தொகையும் அன்றே திரும்ப வரும். அதற்குப் பிறகு திருப்பித் தர இயலாது. ஆனால் உங்கள் பங்கை வேறொருவருக்குக் கொடுக்கச் சொன்னால் அந்த முகவரிக்கு அனுப்பிவைக்கிறேன்.

மதிய உணவு 12.15 முதல் 1.15 மணிக்குள் வந்து சேரும். வடவள்ளிக்குள் கட்டணம் இல்லை. மற்ற இடங்களுக்கு ஒரு வீட்டுக்கு 20 ரூபாய். மழை பிடித்தால் கால் மணி நேரம் தாமதமாகலாம். முந்தைய நாள் கொடுத்த எவர்சில்வர் டப்பாக்களைக் கழுவி, கொண்டுவருபவரிடம் கொடுத்தனுப்புங்கள். இப்போது கையில் இருப்பவை அமாவாசைச் சாப்பாட்டுக்குப் போதாது.

நன்றி.